நோட்டு யார் கையில்?

ஒரு மகளிர் சுயஉதவிக் குழு எப்படி நடக்கிறது என்று அறிய, அதன் சேமிப்புத் தொகையைக் கேட்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு. தீர்மான நோட்டை வாங்கி நான்கைந்து ஆண்டுப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம். எல்லாப் பக்கமும் ஒரே கையெழுத்தில் இருக்கிறதா? ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற வரி ஒரு மாதம்கூடத் தவறாமல் வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், அந்தக் குழுவில் தலைவி பெயரளவில் மாறியிருக்கலாம், அதிகாரம் கை மாறவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலாளி இல்லாமல், பொறுப்புகளை மாற்றி மாற்றி ஏற்று, எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே முடிவெடுக்கும் குழு என்றதும் இன்று பலருக்கு மென்பொருள் நிறுவனங்களோ ஐரோப்பியக் கூட்டுறவுகளோ நினைவுக்கு வரலாம். தமிழ்நாட்டில் அந்த முறையைப் பெரிய அளவில் பழகியவர்கள் மேலாண்மைப் பட்டம் படித்தவர்கள் அல்லர். மாதம் நூறு, இருநூறு ரூபாய் சேமித்த பெண்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலான அந்த அனுபவம் சொல்வதை ஒரே கேள்வியில் அடக்கலாம்: பதவி சுழல்கிறது, அதனுடன் அதிகாரமும் சுழல்கிறதா?

தருமபுரியில் தொடங்கியது

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் அமைக்கப்பட்டது. ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் அது பெண்களின் குழுக்களைத் தொடங்கியது. பிறகு வேறு சில மாவட்டங்களுக்கும் வேலை பரவியது. 1997-98-ல் ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலத் திட்டமாக விரிந்தது. இதே காலத்தில் அகில இந்திய அளவில் நபார்டு வங்கி 1992-ல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முன்னோடி முயற்சியைத் தொடங்கியிருந்தது. பிணையோ சொத்தோ இல்லாத பெண்கள், தங்கள் சேமிப்பையும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதையும் மட்டும் காட்டி வங்கிக் கடன் வாங்கும் வழி அப்படித் திறந்தது.

குழுவின் கட்டமைப்பு எளியது. அக்கம்பக்கத்தில் வாழும் பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் சேர்வார்கள். இருபது என்ற உச்சவரம்புக்குச் சட்டக் காரணம் ஒன்று இருந்தது. 1956-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி, இருபது பேருக்கு மேல் சேர்ந்து லாப நோக்கில் இயங்கும் அமைப்பு பதிவு செய்தாக வேண்டியிருந்தது. பதிவுச் சிக்கலைத் தவிர்க்கப் போட்ட அந்த எல்லை வேறொரு நன்மையும் செய்தது. இருபது பேர் ஒரு வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ வட்டமாக உட்கார முடியும். ஒவ்வொருவரும் ஒருமுறையாவது பேச நேரம் இருக்கும். ஐம்பது பேர் கூடினால் மேடை வேண்டும், மேடை வந்தால் பேசுகிறவர் வேறு, கேட்கிறவர் வேறு என்றாகிவிடும்.

தமிழ்நாட்டுக் குழுக்களில் ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள் என்பது பழைய ஏற்பாடு. கூட்டத்தைக் கூட்டுவது, கணக்கு எழுதுவது, வங்கிக்குப் போவது எல்லாம் இந்த மூவரிடம் இருந்தன. பெயரைக் கவனிக்க வேண்டும். ‘தலைவி’ என்று வைக்காமல் ‘ஊக்குநர்’ என்று வைத்ததிலேயே, இவர் கட்டளையிடுபவர் அல்லர் என்ற எண்ணம் தெரிகிறது. ஆனால் தெருவில் அவரைத் தலைவி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பேச்சுவழக்கிலேயே நடைமுறை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

ஐயப்பன்தாங்கல் என்னும் இடைநிலை ஊர்

ஐயப்பன்தாங்கலை எடுத்துக்கொண்டு பேசக் காரணம் இருக்கிறது. பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் போரூரைத் தாண்டியதும் வரும் ஊர். மாநகரப் பேருந்துப் பணிமனை இருக்கிறது, சாலையின் மேலே மெட்ரோ பாதை ஓடுகிறது, அடுக்ககங்கள் நிறைந்திருக்கின்றன. ஆனாலும் நிர்வாகத்தில் இது காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் ஒன்றியத்து ஊராட்சியாகவே வளர்ந்த ஊர். சுயஉதவிக் குழு முறை நிலையான கிராமத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. இத்தகைய ஊரிலோ உறுப்பினர்களில் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து வாடகை ஏறினால் பூந்தமல்லிப் பக்கமோ ஆவடிப் பக்கமோ போய்விடுவார்கள். ஒருவர் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார், இன்னொருவர் அடுக்ககங்களில் வீட்டுவேலை செய்கிறார், மற்றொருவர் வீட்டிலேயே தையல் போடுகிறார். எல்லோருக்கும் ஒத்துவரும் நேரம் ஞாயிற்றுக்கிழமை மாலையாகத்தான் இருக்கும்.

அதனால் இங்கே பொறுப்பைச் சுழற்றுவதில் உயிர்பிழைக்கும் கணக்கும் சேர்ந்திருக்கிறது. கணக்குத் தெரிந்த ஒரே ஆள் வீடு மாறிப் போனால், மற்ற உறுப்பினர்களின் சேமிப்பு பூட்டிய பெட்டியாகிவிடும்.

ஒரு மாலைக் கூட்டம்

ஒத்துக்கொண்டு முடிவெடுப்பது எப்படி நடக்கும் என்று பார்க்க, எடுத்துக்காட்டாக ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். பதினைந்து பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு. பத்து மாதத்தில் 30,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. உள்கடனுக்கு வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். அன்றைக்கு நால்வர் கடன் கேட்கிறார்கள். கணவரின் அறுவைச் சிகிச்சைக்கு 10,000. பள்ளிக் கட்டணத்துக்கு 12,000. தையல் இயந்திரத்துக்கு 8,000. வீடு மாறுபவருக்கு அட்வான்ஸ் கட்ட 15,000. மொத்தம் 45,000. பெட்டியில் 30,000தான்.

முதலாளி இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வாக்கெடுத்தாலும் சீக்கிரம் முடியும், ஆனால் தோற்ற இருவர் அடுத்த மாதம் தவணை கட்டுவதில் மனம் குன்றுவார்கள். குழுவுக்கு வேறு பிணை கிடையாது, அந்த மனந்தான் பிணை. ஆகவே ஒத்துக்கொள்ளும் வரை பேச வேண்டியிருக்கிறது.

நல்ல குழுவில் அன்றைய கூட்டத்தை நடத்துபவர் தன் கருத்தைக் கடைசியில் சொல்வார். முதலில் கேட்பவர்கள் நால்வரும் பேசுவார்கள். பிறகு வட்டத்தில் ஒவ்வொருவரும் பேசுவார்கள். வழக்கமாகப் பேசாதவரிடமிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் உரக்கப் பேசுபவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் ‘அக்கா சொன்னதுதான் எனக்கும்’ என்று முடித்துக்கொள்வார்கள். வட்டம் முடிந்ததும் நடத்துபவர் ஒரு முன்மொழிவு வைப்பார்: மருத்துவம் தள்ள முடியாதது, முழுதாக 10,000. பள்ளிக் கட்டணம் இரண்டு தவணை, இப்போது 6,000, அடுத்த மாதம் 6,000. அட்வான்ஸ் கேட்டவருக்கு 6,000. இயந்திரத்துக்கு முன்பணம் 5,000, மீதி 3,000 அடுத்த மாதம். ஆக இன்றைக்கு 27,000 போகும், 3,000 அவசரத்துக்கு நிற்கும்.

இப்போது ‘யாருக்குச் சம்மதம்?’ என்று கேட்கக் கூடாது. ‘இதனால் குழுவுக்குக் கெடுதல் வரும் என்று யாருக்காவது தோன்றுகிறதா? என்ன கெடுதல்?’ என்று கேட்க வேண்டும். நெதர்லாந்தில் கேஸ் பூக்கே தன் பள்ளியில் தொடங்கி, பின்னர் பொறியாளர் கெரார்ட் எண்டன்பர்க் தன் நிறுவனத்தில் ஒழுங்குபடுத்திய ‘சோசியோக்ரசி’ முறையின் மையமும் இந்த வேறுபாடுதான். எல்லோருக்கும் பிடித்த முடிவு தேவையில்லை, காரணத்தோடு சொல்லப்பட்ட எதிர்ப்பு எதுவும் மிஞ்சாத முடிவு போதும். பிடிக்கவில்லை என்பது எதிர்ப்பு ஆகாது. இன்ன தீங்கு வரும் என்று சொன்னால் அது எதிர்ப்பு, அதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

நம் கூட்டத்தில் இரண்டு எதிர்ப்புகள் எழுவதாக வைத்துக்கொள்வோம். முதலாவது, ‘வீடு மாறுகிறவர் தூரமாகப் போய்விட்டால் தவணை எப்படி வரும்?’ விசாரித்தால், பழைய வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர இரண்டு மாதம் ஆகும், அதுவரைக்கும்தான் பணம் வேண்டும் என்று தெரிகிறது. எனவே அது தவணைக் கடனாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மாதம் வட்டி மட்டும், இரண்டாவது மாதம் அசல் மொத்தமாக. எதிர்ப்பு முன்மொழிவைக் கெடுக்கவில்லை, சீர்படுத்தியது.

இரண்டாவது எதிர்ப்பு கணக்கு. அடுத்த மாதம் வரும் பணம் என்ன? சேமிப்பு 3,000. மருத்துவக் கடன் பத்துத் தவணை, பள்ளிக் கடன் ஆறு, இயந்திரக் கடன் ஐந்து என்று மூவரும் ஆளுக்கு 1,000 கட்டினால் அசல் 3,000. வட்டி 270. கையிருப்பு 3,000. மொத்தம் 9,270. கொடுப்பதாகச் சொன்னதோ கட்டணத்துக்கு 6,000, இயந்திரத்துக்கு 3,000, ஆக 9,000. பெட்டியில் மிஞ்சுவது 270 ரூபாய். அவசரத்துக்கு என்று ஒதுக்கிய 3,000 சத்தமில்லாமல் கரைந்துவிடும். இயந்திரத்தின் மீதியை ஒரு மாதம் தள்ளினால், அட்வான்ஸ் பணம் 6,000 திரும்பி வரும் மாதத்தில் எந்த நெருக்கடியும் இல்லாமல் கொடுக்கலாம்.

இந்த இடத்தில்தான் கட்டுரையின் கேள்வி இருக்கிறது. இந்தக் கூட்டலை அந்த வட்டத்தில் எத்தனை பேரால் போட முடியும்? ஒருவரால் மட்டும் என்றால், மற்ற பதினான்கு பேரின் சம்மதம் கணக்கின் மேல் வைத்த சம்மதம் ஆகாது, அந்த ஒருவரின் மேல் வைத்த நம்பிக்கை. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அது ஒருவர் எடுத்த முடிவுதான், பதினைந்து கையெழுத்துகளோடு.

பேனா ஏன் கை மாறுவதில்லை

தலைமை சுழல வேண்டும் என்று பயிற்சிகளில் சொல்லப்படுகிறது. ஓராண்டு, இரண்டாண்டு என்று குழுக்கள் தங்கள் விதியிலும் எழுதிக்கொள்கின்றன. அப்படியும் சுழலாமல் போவதற்குப் பேராசை மட்டும் காரணம் அல்ல. மூன்று காரணங்கள் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்கின்றன.

முதலாவது எழுத்து. வருகைப் பதிவேடு, தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்புக் என்று குழுவின் உயிர் தாளில் இருக்கிறது. பள்ளி முடித்த ஒருவர் மட்டும் இருந்தால் நோட்டு அவரிடம் போய் அங்கேயே தங்கிவிடும். எழுத எழுத அவருக்குக் கை பழகும், எழுதாதவர்களுக்கு இருந்த கொஞ்சப் பழக்கமும் விட்டுப்போகும். இடைவெளி ஆண்டுக்காண்டு அகலும்.

இரண்டாவது வங்கி. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, குழுவுக்குச் சேமிப்புக் கணக்கு திறக்க எல்லா உறுப்பினர்களின் ஆவணங்களும் வேண்டியதில்லை, பொறுப்பாளர்களின் ஆவணங்கள் போதும். ஏழைப் பெண்களுக்கு அலைச்சலைக் குறைத்த நல்ல சலுகை இது. ஆனால் இதன் மறுபக்கமாக, பொறுப்பாளர் மாறும்போதெல்லாம் தீர்மான நகல், புதியவர்களின் ஆதார், புகைப்படம், மாதிரிக் கையெழுத்து என்று வங்கிக்கு நடக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூலியோ இரண்டு நாள் கூலியோ போகும். ‘அக்காவே இருக்கட்டும்’ என்ற முடிவு பல நேரம் மரியாதையில் பிறப்பதில்லை, அலுப்பில் பிறக்கிறது. வங்கிக் குறுஞ்செய்தி போகும் கைபேசி எண்ணையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பதவி மாறிய பிறகும் எண் மாறாவிட்டால், கணக்கில் வந்ததும் போனதும் முதலில் தெரிவது பழையவருக்குத்தான்.

மூன்றாவது அறிமுகம். ஒன்றிய அலுவலகத்தில், வங்கியில், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் எல்லோருக்கும் தெரிந்த முகம் ஒன்றாகிவிடுகிறது. அதிகாரி புதிய தலைவியைக் கூப்பிட மாட்டார், பழைய எண்ணுக்கே அழைப்பார். வெளியுலகம் ஒரு முதலாளியைத் தேடுகிறது, கிடைக்காவிட்டால் உண்டாக்கிவிடுகிறது.

அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970-களின் தொடக்கத்தில், தலைமையே வேண்டாம் என்று சொன்ன பெண்கள் குழுக்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைத்தான் வேறு சூழலில் கண்டார். கட்டமைப்பை எழுதிவைக்காத குழுவில் கட்டமைப்பு இல்லாமல் போவதில்லை. அது மறைந்து நிற்கிறது, மறைந்து நிற்பதால் அதைக் கேள்வி கேட்க முடிவதில்லை. பொறுப்பு ஒருவரிடம் நெடுநாள் இருந்தால் அவர் சொத்தாகிவிடும் என்றும், மிகச் சீக்கிரம் சுழற்றினால் யாரும் வேலையைக் கற்கவே மாட்டார்கள் என்றும் அவர் சேர்த்தே எச்சரித்தார். இரண்டாவது எச்சரிக்கையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்று சக்கரம், மூன்று வேகம்

அதனால் எல்லாப் பொறுப்பையும் ஒரே நாளில் மாற்றுவது மோசமான சுழற்சி. பொறுப்புகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேகத்தைக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கூட்டத்தை நடத்துவது ஒவ்வொரு மாதமும் மாறலாம். அதற்கு எழுத்தறிவு வேண்டாம். யார் பேசவில்லை என்று கவனிக்கவும், முன்மொழிவைச் சுருக்கிச் சொல்லவும், எதிர்ப்பைக் கேட்கவும் தெரிந்தால் போதும். பதினைந்து பேர் என்றால் பதினைந்து மாதத்தில் ஒரு சுற்று முடியும். முதல் சுற்றில் சிலர் திணறுவார்கள். இரண்டாவது சுற்றில் வட்டத்தின் பேச்சே மாறிவிடும், ஏனெனில் நடத்துகிற சிரமம் தெரிந்தவர் மற்றவர் நடத்தும்போது குறுக்கிடுவது குறையும்.

நோட்டு எழுதுவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறலாம், ஆனால் இருவர் இருவராக. மூன்று மாதம் புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல் போடுவார், அடுத்த மூன்று மாதம் புதியவர் எழுதப் பழையவர் பார்ப்பார். எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? பணத்தை எண்ணி, தொகையை உரக்கச் சொல்வார். எழுதியவர் வாசித்ததும் எண்ணியவர் சொன்னதும் ஒத்துப்போக வேண்டும். கூட்டம் முடியும்போது, ‘பெட்டியில் இவ்வளவு, வங்கியில் இவ்வளவு, வெளியில் கடனாக இவ்வளவு’ என்று மூன்று எண்களை எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டால், நோட்டு யார் வீட்டில் இருந்தாலும் கணக்கு பதினைந்து பேர் தலையிலும் இருக்கும்.

வங்கிக் கையெழுத்து மிக மெதுவாக மாற வேண்டியது. மூவரில் ஆண்டுக்கு ஒருவர் விலகி ஒருவர் வந்தால், பழகியவர் இருவர் எப்போதும் இருப்பார்கள். வங்கி அலைச்சலும் ஆண்டுக்கு ஒருமுறையோடு நிற்கும்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு முன்வடிவம் கல்லில் இருக்கிறது. ஐயப்பன்தாங்கல் சேர்ந்த அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரிய உறுப்பினர் தேர்வு விதிகளைச் சொல்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்து பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். பொறுப்பு 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்திலிட முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி, அவருடைய நெருங்கிய உறவினர்களும் விலக்கப்பட்டார்கள். அது நிலமுடைய பிராமண ஆண்களின் சபை, இன்றைய குழுவில் அமரும் எந்தப் பெண்ணுக்கும் அங்கே இடம் இருந்திருக்காது. அந்தக் குறையை மறைக்காமலே ஒன்றைக் கற்கலாம்: அவர்கள் சுழற்சியையும் கணக்கையும் ஒரே விதியில் கட்டினார்கள். கணக்கு ஒப்படைக்காதவரைச் சுழற்சி காப்பாற்றாது, உறவினர் வழியாக அதே கை திரும்பி வரவும் விடாது.

எங்கே முறியும்

இம்முறைக்கு எல்லை உண்டு. நள்ளிரவில் ஒரு பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது வட்டமாக உட்கார்ந்து பேச முடியாது. அதற்காகக் குழு முன்கூட்டியே அதிகாரம் கொடுத்து வைக்க வேண்டும். உதாரணமாக 2,000 ரூபாய் வரை இரண்டு பொறுப்பாளர்கள் சேர்ந்து கொடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் சொல்லியாக வேண்டும் என்று. ஒத்துப்போய் எல்லையிட்டுக் கொடுத்த அதிகாரம் முதலாளித்தனம் ஆகாது. எல்லை எழுதாமல் விட்டால்தான் ஆகும்.

தவணை தவறுவது இன்னொரு சோதனை. ஒருவர் மூன்று மாதம் கட்டவில்லை. அவர் காரணம் உள்ள எதிர்ப்பு என்ற உரிமையைப் பயன்படுத்தித் தன்மீதான முடிவையே தடுக்கலாமா? தன் கடன் பற்றிய முடிவில் சம்பந்தப்பட்டவர் பேசலாம், தடுக்க முடியாது என்று முதல் நாளே எழுதிக்கொள்வது நல்லது. சண்டை வந்த பிறகு எழுதும் விதி ஒருவருக்கு எதிராக எழுதியதாகவே படும்.

பினாமித் தலைமை மூன்றாவது. விதிக்காகப் பெயர் மாற்றி, பழையவர் பின்னாலிருந்து நடத்துவது. இதைக் கண்டுபிடிக்க விசாரணை வேண்டாம். புதிய தலைவியிடம் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் அவர் யாரைத் திரும்பிப் பார்க்கிறார் என்பதில் தெரிந்துவிடும். வெற்றுத் தாளில் முன்கூட்டி வாங்கிய கையெழுத்துகள், கடன்கள் பொறுப்பாளர் வீட்டைச் சுற்றியே போவது, பாஸ்புக்கைப் பார்த்தே இராத உறுப்பினர்கள் ஆகியவையும் அதே நோயின் அறிகுறிகள்.

அப்படியானால் இத்தகைய குழுவில் தலைமை என்பது என்ன? முடிவு எடுப்பதல்ல, முடிவு எடுக்கத் தேவையான கூட்டலை மற்றவர்களும் போடும்படி செய்வது. அது நடந்திருக்கிறதா என்று பார்க்க ஊக்குநருக்கு ஒரு சிறிய வழி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டையும் சாவியையும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் கூட்டத்துக்குப் போகாமல் இருக்க வேண்டும். கைபேசியையும் அணைத்து வைக்க வேண்டும். மறுநாள் காலை போய்ப் பக்கத்தைப் பார்க்கலாம். புதிய கையெழுத்து கோணலாக இருக்கலாம், ஓர் எண் அடித்துத் திருத்தப்பட்டிருக்கலாம். கடைசி வரியில் மூன்று தொகைகளும் சரியாக வந்திருந்தால், அவர் ஆவடிக்கு வீடு மாறினாலும் குழு ஐயப்பன்தாங்கலிலேயே இருக்கும்.